படம் போன பின் ஒரு பாட்டு



ஒரு பள்ளியின் அறிவியல் மன்றத்தார் வகுப்பறை ஒன்றில் புகைப்படக் கண்காட்சி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் தட்டச்சு செய்த ஒரு விவர அட்டை ஒட்டப்பட்டிருந்தது. பத்தாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி படித்து வந்தாள். யாராவது படித்துக் காட்டினால் அவளும் கண்காட்சியில் பங்கு பெறலாம் என்பதற்காகவே அந்த அட்டைகள் தயாராயின.

மூன்றாம் நாள் காலையில் ஒரு படம் இல்லை. குளச்சல் கடற்கரையில் எடுத்த சூரிய மறைவுப் படம் அது. இரவலாகத் தந்தவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டதால் அவர் வந்து எடுத்துப் போய்விட்டார். பிரதி ஏதும் கிடையாது. சுவரில் நான்கு ஆணித் துளைகளும், கீழே விவர அட்டையும் மட்டும் மிஞ்சியிருந்தன.

"வெற்றிடத்தை அப்படியே விட வேண்டாம். அட்டையைப் படித்து ஐந்தாறு வரியில் ஒரு பாட்டு எழுதி மாட்டுவோம்" என்றார் மன்றத்தின் ஆசிரியர். நிபந்தனை ஒன்றுதான். அட்டையில் இருப்பதற்கு மாறாகவோ, இயற்கைக்கு மாறாகவோ பாட்டில் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது.

எளிய வேலை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எழுத உட்கார்ந்த பிறகே தெரிந்தது, அது ஓர் அறிவியல் புதிர் என்று. நாமும் அவர்களோடு உட்கார்ந்து பார்ப்போமா?

அட்டையில் இருந்தது

அட்டையின் வாசகம் இதுதான்:

"வண்ணப் புகைப்படம். இடம்: குளச்சல் கடற்கரை. ஜனவரி 20, மாலை 6 மணி 21 நிமிடம். சூரியனின் அடிவிளிம்பு கடல்கோட்டைத் தொடுகிறது. நிறம் ஆரஞ்சு, அடிப்பாகம் கூடுதல் சிவப்பு. வடிவம் முழு வட்டமாக இல்லை. மேலும் கீழும் அமுக்கியது போல் இருக்கிறது. சூரியனுக்கு நேர் கீழே, கடலில் ஓர் ஒளிப்பாதை கரை வரை துண்டு துண்டாக வருகிறது. வலப்பக்கம், பாதையை விட்டுத் தள்ளி, ஒரு கட்டுமரம். அதில் ஒருவர் நிற்கிறார். கறுப்பு உருவமாகத் தெரிகிறார். மிக அழகான காட்சி."

ஒரு மாணவன் பத்தே நிமிடத்தில் பாட்டோடு வந்துவிட்டான்:

தங்கத் தட்டாய்ச் சூரியன் மெல்லச் சாய,
பறவைக் கூட்டம் கூடு திரும்ப,
களைத்த மீனவக் கிழவர்
ஒளிப்பாதை வழியே வீடு வருகிறார்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதில் எத்தனை சொல் அட்டையிலிருந்து வந்தது?" என்று கேட்டார். வகுப்பு எண்ணிப் பார்த்தது. சூரியனும் ஒளிப்பாதையும் மட்டுமே வந்திருந்தன. மற்றவை எல்லாம் அந்த மாணவன் இதற்கு முன் படித்த பாட்டுகளிலிருந்தும் பார்த்த காலண்டர் படங்களிலிருந்தும் வந்தவை.

சொல்லாததைச் சேர்க்கலாமா?

முதலில் பறவைகளைப் பார்ப்போம். அட்டையில் பறவை இல்லை. அப்படியானால் படத்திலும் பறவை இல்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. தட்டச்சு செய்தவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். முக்கியமில்லை என்று தள்ளியிருக்கலாம். ஆகவே "பறவைகள் திரும்பின" என்று எழுதுவது எப்படித் தவறோ, "பறவைகள் இல்லாத வானம்" என்று எழுதுவதும் அப்படியே தவறு. அட்டை பேசாத இடத்தில் பாட்டும் பேசாமல் இருக்க வேண்டும்.

அடுத்து அந்த மனிதர். அட்டை "ஒருவர்" என்றுதான் சொல்கிறது. கிழவரா இளைஞரா என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு அட்டையே விடை தருகிறது: "கறுப்பு உருவமாகத் தெரிகிறார்." சூரியன் அவருக்குப் பின்னால் இருக்கிறது. நம் பக்கம் திரும்பிய அவரது முகத்தின் மேல் மிகக் குறைந்த ஒளியே படுகிறது. கேமராவில் பிரகாசமான வானம் சரியாகப் பதியும்படி ஒளியின் அளவை வைத்தால், அந்தக் குறைந்த ஒளி பதிவதற்குப் போதாது. எனவே முகம், உடை, வயது எல்லாம் கறுப்பில் அமிழ்ந்துவிடும். படத்தையே கையில் வைத்துக்கொண்டிருந்தாலும் அவர் களைத்திருந்தாரா என்பது தெரிந்திருக்காது! அவர் வருகிறாரா, போகிறாரா என்பதும் அப்படித்தான். நின்றுபோன ஒரு கணத்தில் திசை தெரியாது.

"மிக அழகான காட்சி" என்ற கடைசி வரியையும் மாணவர்கள் அடித்துவிட்டார்கள். அது படத்தில் இருந்தது அல்ல. தட்டச்சு செய்தவரின் மனத்தில் இருந்தது.

தட்டா, அமுங்கிய பந்தா?

"தங்கத் தட்டு" என்ற உவமையை யாரும் முதலில் சந்தேகிக்கவில்லை. பார்வையில்லாத அந்த மாணவிதான் கேட்டாள்: "சாப்பிடும் தட்டு முழு வட்டம். அட்டை அமுங்கியிருக்கிறது என்கிறதே! எவ்வளவு அமுங்கியிருக்கும்?"

அருமையான கேள்வி. இதற்கு ஒளிவிலகல் விடை சொல்கிறது.

பூமியைச் சுற்றியுள்ள காற்று கீழே அடர்த்தியாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இருக்கிறது. சூரியனிலிருந்து வரும் கதிர் மெலிந்த காற்றிலிருந்து அடர்ந்த காற்றுக்குள் நுழையும்போது சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைகிறது. நம் கண்ணோ, கதிர் கடைசியாக எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையில் சூரியன் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே சூரியன் இருக்கும் இடத்தைவிடச் சற்று உயரத்தில் தெரிகிறது.

உச்சி வேளையில் இந்த ஏற்றம் அநேகமாக இல்லை. தொடுவானத்தில்தான் மிக அதிகம். அங்கே அது அரைப் பாகைக்குச் சற்றே கூடுதல். சூரியனின் அகலமும் ஏறக்குறைய அரைப் பாகைதான். இந்த இரண்டு அளவுகளையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கடல்கோட்டைத் தொடும் அடிவிளிம்பை காற்று நன்றாகத் தூக்கிக் காட்டுகிறது. மேல்விளிம்பு சற்று உயரத்தில் இருப்பதால் அதை அவ்வளவு தூக்குவதில்லை. கீழே அதிகம் தூக்கி, மேலே குறைவாகத் தூக்கினால் என்ன ஆகும்? உயரம் குறையும். அகலம் மாறாது. சாதாரண நாளில் அகலம் 6 பங்கு என்றால் உயரம் 5 பங்கு இருக்கும். 6 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள ஒரு நீள்வட்டத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். அதுதான் காணாமற்போன படத்தில் இருந்த சூரியனின் வடிவம்.

அந்த மாணவிக்காக, ஒரு தோழி அட்டைத் தாளில் இந்த நீள்வட்டத்தை வெட்டிக் கையில் கொடுத்தாள். அவள் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "தட்டு வேண்டாம். 'சற்றே அமுங்கி' என்று போடுங்கள். 'நசுங்கி' என்றால் அதிகமாகிவிடும்" என்றாள். ஆறுக்கு ஐந்து என்ற கணக்கிலிருந்து பாட்டுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது!

தங்கம் என்பது எந்த நிறம்?

தட்டு போனதும் தங்கமும் போயிற்று. அட்டை ஆரஞ்சு என்கிறது. அடியில் கூடுதல் சிவப்பு என்கிறது. தட்டச்சு செய்தவர் கவனமான மனிதர். ஏனென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. காற்றின் மூலக்கூறுகள் அவற்றைச் சிதறடிக்கும்போது எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிப்பதில்லை. சிவப்பைவிட நீலம் சுமார் 4 மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. பகலில் வானம் நீலமாகத் தெரிவது இப்படிச் சிதறிய ஒளியால்தான். சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது, தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைப் போலச் சுமார் 40 மடங்கு காற்றை அதன் ஒளி கடந்து வர வேண்டும். வரும் வழியிலேயே நீலம் அநேகமாக எல்லாம் சிதறிப் போகிறது. பச்சையும் பெரும்பகுதி போகிறது. மிஞ்சுவது மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும்.

சூரியனின் அடிவிளிம்பிலிருந்து வரும் ஒளி, மேல்விளிம்பின் ஒளியைவிடக் கூடுதலான காற்றைக் கடக்கிறது. அதனால் அடியில் சிவப்பு கூடும். ஆகவே "ஆரஞ்சு, அடியில் சிவந்து" என்று எழுதினால் அட்டைக்கும் பொருத்தம், காற்றுக்கும் பொருத்தம். "மேலே சிவந்து" என்று எதுகைக்காக மாற்றினால் இயற்கை ஒப்புக்கொள்ளாது.

யாருடைய ஒளிப்பாதை?

இனி, மீனவர் "ஒளிப்பாதை வழியே வீடு வருகிறார்" என்ற வரி. கட்டுமரம் வலப்பக்கம், பாதையை விட்டுத் தள்ளி இருக்கிறது என்று அட்டை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வகுப்பில் பாதிப் பேர் கட்டுமரத்தைப் பாதையின் மேல் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். படிக்கும்போதே மனம் படத்தைத் திருத்திவிடுகிறது, பாருங்கள்!

இந்தப் பாதையைப் பற்றி ஒரு விந்தையான உண்மை உண்டு. அது கடலின் மேல் போட்ட கம்பளம் அல்ல. கடல் கண்ணாடி போல் அசையாமல் இருந்தால் நாம் சூரியனின் ஒரே ஒரு பிம்பத்தைத்தான் பார்ப்போம். அலையடிக்கும் கடலில் ஆயிரமாயிரம் சிறு சரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு துண்டுக் கண்ணாடி. அவற்றில் எவை சரியான சாய்வில் இருக்கின்றனவோ அவை மட்டும் சூரிய ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அவை எல்லாம் சூரியனுக்கும் நமக்கும் இடையே உள்ள நீண்ட பட்டையில் கிடக்கின்றன. அட்டையில் கண்ட "துண்டு துண்டாக" என்ற சொல்லுக்குக் காரணம் இதுதான்.

நீங்கள் கரையில் பத்தடி வலப்பக்கம் நகர்ந்தால் பாதையும் உங்களோடு நகரும். உங்கள் நண்பர் நூறு அடி தள்ளி நின்றால் அவருக்கு வேறு பாதை தெரியும். அதுவும் நேராக அவரை நோக்கியே வரும். எனவே அட்டையில் உள்ள பாதை கேமராக்காரரின் பாதை. கட்டுமரம் நமக்கு இருண்ட நீரில் நிற்பது போல் தெரிந்தாலும், அதில் நிற்பவர் சூரியன் பக்கம் திரும்பினால் அவர் காலடி வரை இன்னொரு பாதை வந்திருக்கும். அது எந்தக் கேமராவிலும் பதியவில்லை.

இதைக் கேட்டதும் அந்த முதல் மாணவன் தன் கடைசி வரியைத் தானே அழித்தான். அதற்குப் பதிலாக எழுதினான்: "கட்டுமரத்தில் நிற்பவருக்கு வேறோர் ஒளிப்பாதை."

போய்விட்ட சூரியன்

பாட்டு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு வரி நிற்காமல் தடுமாறியது. சூரியன் என்ன செய்கிறது? "சாய்கிறது" என்றார்கள் சிலர். "மூழ்கப் போகிறது" என்றார்கள் சிலர்.

ஆசிரியர் அட்டையில் இருந்த நேரத்தைச் சுட்டிக் காட்டினார். குளச்சலில் ஜனவரி 20 அன்று சூரியன் முழுவதும் மறைவது சுமார் 6 மணி 23 நிமிடத்தில். அடிவிளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து மேல்விளிம்பு மறைய அங்கே இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ஆக அட்டையின் 6-21 சரியாகவே பொருந்துகிறது. "மெல்ல" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

"சரி, மூழ்கப் போகிறது என்கிறீர்களே, மெய்யாகவே அது இனிமேல்தான் மூழ்க வேண்டுமா?" என்று அவர் கேட்டார்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இரண்டு அளவுகளை இப்போது எடுங்கள். சூரியனின் அகலம் அரைப் பாகை. தொடுவானத்தில் காற்று அதைத் தூக்கிக் காட்டுவதும் ஏறக்குறைய அரைப் பாகை. அடிவிளிம்பு கடலைத் தொடும் தருணத்தில், காற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால் சூரியன் எங்கே இருக்கும்? தன் அகலம் அளவுக்கு இறங்கியிருக்கும். அதாவது முழுச் சூரியனும் கடல்கோட்டுக்குக் கீழே போயிருக்கும்!

கேமராக்காரர் பொத்தானை அழுத்தியபோது சூரியன் போய்விட்டிருந்தது. அவர் படம் எடுத்தது காற்று தூக்கிக் காட்டிய காட்சியை.

வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த மாணவி சொன்னாள்: "படம் போய்விட்டது, அட்டை காட்டுகிறது. சூரியன் போய்விட்டது, காற்று காட்டுகிறது. எனக்கு இந்தப் படம் முன்பும் அட்டையில்தான் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது."

அன்று மாலை சுவரில் ஏறிய பாட்டு இது:

ஆரஞ்சு, அடியில் சிவந்து,
சற்றே அமுங்கிக்
கடல்கோட்டைத் தொடுகிறது
போய்விட்ட சூரியன்.
கட்டுமரத்தில் நிற்பவருக்கு
வேறோர் ஒளிப்பாதை.

"போய்விட்ட" என்ற சொல் அட்டையில் இல்லை. ஆனால் அது கற்பனையும் அல்ல. அட்டையில் இருந்த "தொடுகிறது" என்ற சொல்லிலிருந்து கணக்குப் போட்டுப் பெற்றது. சேர்க்கலாமா, கூடாதா என்று முடிவு செய்ய மாணவர்கள் கைக்கொண்ட வழி இதுதான்: அட்டையில் உள்ள ஏதாவது ஒரு சொல்லிலிருந்து நியாயமாக வருகிறது என்று காட்ட முடிந்தால் சேர்க்கலாம், முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஓர் ஒளி ஊடுருவாத கிண்ணத்தின் அடியில் நாணயம் ஒன்றை வையுங்கள். நாணயம் விளிம்பில் மறையும் வரை பின்னால் நகர்ந்து, அங்கேயே அசையாமல் நில்லுங்கள். நண்பரை மெல்லத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மறைந்த நாணயம் மீண்டும் தெரியும். நாணயம் நகரவில்லை, ஒளி வளைந்தது. நாணயம் மேலே வராமலேயே தெரிவது போலத்தான், கடல்கோட்டுக்குக் கீழே போன சூரியனும் தெரிகிறது.

2. ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, சில சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீர் இலேசான நீலமாகவும், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் விளக்கு மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். நிறம் தெரியாவிட்டால் இன்னும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வெள்ளை ஒளி தரும் டார்ச்சில் இது நன்றாகத் தெரியும்.

3. நண்பர் ஒருவரிடம் ஒரு படத்தைக் கொடுத்து, எட்டு வாக்கியத்தில் விவரம் எழுதச் சொல்லுங்கள். படத்தைப் பார்க்காமல் அதிலிருந்து ஆறு வரிப் பாட்டு எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, அது விவரத்தின் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று எண்ணிடுங்கள். எண் கிடைக்காத சொற்கள் உங்கள் பழக்கத்திலிருந்து வந்தவை.

ஓர் எச்சரிக்கை. சூரியனை நேராக உற்றுப் பார்க்காதீர்கள். தொலைநோக்கி, பைனாகுலர் வழியாக ஒருபோதும் பார்க்கக்கூடாது, மறையும் நேரத்திலும்கூட.

கடைசியாக உங்களுக்கு ஒரு விவர அட்டை தருகிறோம். "வண்ணப் புகைப்படம். 2005 மே 19. சூரியன் மறையப் போகிறது. பூமியில் தெரிவதில் மூன்றில் இரண்டு பங்கு அகலமே இருக்கிறது. சூரியனைச் சுற்றியுள்ள வானம் நீலம். தரை கறுத்த பழுப்பு."

இது எங்கே எடுத்த படம்? செவ்வாய்க் கோளில், குசேவ் என்னும் பள்ளத்தில், ஸ்பிரிட் ஊர்தி எடுத்தது. அங்கே காற்று மிக மெல்லியது. அதில் மிதக்கும் நுண்ணிய தூசி நீல ஒளியைச் சூரியனை ஒட்டிய திசையிலேயே அதிகமாக அனுப்புகிறது. அதனால் அங்கே அந்தி நீலமாக இருக்கிறது. இந்த அட்டைக்கு ஆறு வரி எழுதிப் பாருங்கள். முதல் வரியில் உங்கள் பேனா தானாகவே "செவ்வானம்" என்று எழுதத் தொடங்கினால், அதை நிறுத்திவிட்டு அட்டையை இன்னொரு முறை படியுங்கள்.